நள்ளிரவு 12 மணிக்குப் பிறந்தநாள் போஸ்ட்: கேப்ஷனை முன்கூட்டியே ஷெட்யூல் செய்வது எப்படி

வணக்கம் மக்களே. திரையில் தெரிவது என் இன்ஸ்டாகிராம். வரும் 14ஆம் தேதி என் தோழிக்குப் பிறந்தநாள். இன்று 11. கேப்ஷனை இப்போதே எழுதி, நள்ளிரவில் தானாக வெளியாகிற மாதிரி வைக்கப் போகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

முதலில் எழுத்து, அப்புறம்தான் கடிகாரம். 12 மணிக்குச் சரியாக வந்து விழுந்தாலும், உள்ளே "ஹேப்பி பர்த்டே டி, லவ் யூ சோ மச், எப்பவும் இப்படியே இரு" என்று இருந்தால் அது அவசரத்தில் தட்டியதாகத்தான் தெரியும். அந்த வரியை யாருடைய படத்துக்குக் கீழேயும் ஒட்டிவிடலாம். இதுதான் என் முதல் டிராஃப்ட், கீழே பாருங்கள், அப்படியே இருக்கிறது. அழிக்கிறேன்.

முன்கூட்டி எழுதுவதில் ஒரு சிக்கல் உண்டு. நான் எழுதுவது 11ஆம் தேதி சாயங்காலம், வாசிக்கப்படுவது 14ஆம் தேதி. "நேற்று போனில் சொன்னியே" என்று எழுதினால் அந்த "நேற்று" அங்கே போய்ச் சேரும்போது தப்பாகிவிடும். "நாளைக்கு உன் நாள்" என்பதும் அப்படித்தான். அதனால் எழுதும்போதே மணி 12 ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு எழுத வேண்டும். "இன்று" என்றால் 14. இன்னும் ஒரு படி மேலே போய், அந்த நேரத்தில் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்றும் யோசிக்கலாம். என் தோழி பத்து மணிக்கெல்லாம் போனை சைலன்டில் போட்டுவிட்டுத் தூங்குகிற ஆள். ஆகவே கேப்ஷன் இப்படி:

"நீ இதைப் பார்க்கும்போது விடிஞ்சிருக்கும்னு தெரியும். ஊரே முழிச்சிருந்து வாழ்த்தினாலும் உன் தூக்கம் உனக்கு. எழுந்ததும் போன் பண்ணு, பாட்டு பாட ரெடியா இருக்கேன். கேட்டே ஆகணும். பிறந்தநாள் வாழ்த்துகள் டி."

வாழ்த்து கடைசியில் போனதைக் கவனித்தீர்களா? ஃபீடில் முதல் ஒன்றிரண்டு வரிதான் தெரியும், மிச்சம் more-க்குள் போய்விடும். எல்லோருடைய போஸ்டிலும் இருக்கிற வார்த்தைக்கு அந்த இடத்தைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

தூங்குகிறவளுக்கு நள்ளிரவு எதற்கு என்று கேட்பீர்கள். போஸ்டுக்குக் கீழே எத்தனை மணி நேரத்துக்கு முன்பு போட்டது என்று வரும் இல்லையா? ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் 7 மணி நேரம் முன்பு. கணக்குப் போட அவளுக்கு ஒரு நொடி போதும்.

சரி, ஷெட்யூலுக்கு வருவோம். செயலிக்குள்ளேயே நேரம் குறிக்கும் இந்த வசதியை 2022 நவம்பரில் தொழில்முறை கணக்குகளுக்குக் கொடுத்தார்கள். 75 நாள் முன்னதாகவே வைக்கலாம். படம், கேப்ஷன், டேக் எல்லாம் முடித்து, Share அழுத்துவதற்கு முன்னால் அதே பக்கத்தில் கூடுதல் அமைப்புகளைத் திறந்தால் Schedule என்று ஆரம்பிக்கும் வரி இருக்கும். அதை ஆன் செய்தால் தேதியும் நேரமும் கேட்கும்.

உங்களுக்கு அந்த வரியே தெரியவில்லை என்றால் கணக்கைத் தொழில்முறைக்கு மாற்றச் சொல்வார்கள். கணக்கை பிரைவேட்டாக வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். தொழில்முறை கணக்கு பிரைவேட்டாக இருக்க முடியாது. மாற்றியதும் உங்கள் பழைய படங்கள் எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். ஒரு வாழ்த்துக்காக அதைச் செய்ய வேண்டாம். டெலிகிராமில் அனுப்பும் பொத்தானை அழுத்திப் பிடித்தால் நேரம் குறித்து அனுப்பும் வழி வரும், தனிச் செய்தியாக அது போதும். நம் போன் அணைந்திருந்தாலும் அது போய்ச் சேரும். கூகுள் மெசேஜஸிலும் இதே மாதிரி அழுத்திப் பிடிக்கலாம், ஆனால் அந்த நேரத்தில் போன் ஆனில் இருக்க வேண்டும்.

இப்போது எல்லோரும் தடுமாறுகிற இடம். 13ஆம் தேதி ராத்திரி 12 மணி என்று பேச்சில் சொல்வோம். திரையில் தேர்ந்தெடுக்க வேண்டியது 14, 12:00 AM. பழக்கத்தில் 13, 12:00 AM என்று வைத்தால் முழுசாக ஒரு நாள் முன்னால் போய்விடும். 14, 12:00 PM வைத்தால் மத்தியானம், மற்றவர்கள் எல்லாம் வாழ்த்தி முடித்த பிறகு. போனை 24 மணி நேரக் கடிகாரத்தில் வைத்திருந்தால் 00:00 என்று காட்டும், குழப்பமே இல்லை. இந்த ஒரு வேலைக்காகவாவது அப்படி மாற்றிக்கொள்ளலாம்.

12:00 என்று வைத்தது 12:01, 12:02க்கு வருவதும் உண்டு. அதற்குப் பயந்து 11:58 வைக்காதீர்கள். இரண்டு நிமிடம் பிந்தினால் யாருக்கும் தெரியாது, முந்தினால் தேதியே மாறிவிடும்.

அப்புறம், யாருடைய நள்ளிரவு? நேரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது செயலி எடுத்துக்கொள்வது நம் போனில் இருக்கும் நேரத்தை. தோழி இருக்கும் இடம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் என்றால், அங்கே 14 பிறக்கும்போது இங்கே 13ஆம் தேதி இரவு 9:30. அதாவது 13, 9:30 PM என்றுதான் வைக்க வேண்டும். இங்கே இருக்கும் நண்பர்கள் "என்னடி, ஒரு நாள் முன்னாடியே?" என்று கமெண்டில் கேட்பார்கள். கேட்கட்டும், பிறந்தநாள் அவளுடையது.

வைத்தாகிவிட்டது. உடனே புரொஃபைல் மெனுவில் Scheduled content போய்ப் பாருங்கள். இதோ, தேதி 14 என்று இருக்கிறது. இங்கே இல்லையென்றால் அது வெறும் டிராஃப்டாக நின்றிருக்கிறது என்று அர்த்தம். டிராஃப்ட் தானாக வெளியாகாது. அது போனுக்குள்தான் இருக்கும், செயலியை நீக்கினால் அதோடு போய்விடும். டேக் செய்த தகவல் அவளுக்கு இப்போது போகாது, போஸ்ட் வெளியான பிறகுதான் போகும்.

13ஆம் தேதி சாயங்காலம் இதே பக்கத்தை இன்னொரு தடவை திறப்பேன். மூன்று நாளில் என்ன வேண்டுமானாலும் நடக்கலாம். அவள் வீட்டில் ஒரு துக்கம் என்றால் "பாட்டு பாட ரெடி" என்ற வரி நிற்கக் கூடாது. அதைத் தூக்கிவிட்டுத் தனியாகப் பேசுவேன். எழுத்துப்பிழையையும் அப்போதே திருத்திவிடுவது நல்லது.

கமெண்டில் நிறைய பேர் கேட்பது: 12 மணிக்கு நானும் முழித்திருக்க வேண்டுமா? தோழி தூங்குகிறவள் என்றால் நீங்களும் தூங்குங்கள். ஆனால் அவள் முழித்திருந்து 12:03க்கு "அய்யோ, தேங்க்ஸ் டி" என்று போட்டு, உங்கள் பக்கம் காலை ஒன்பது வரை சத்தமே இல்லை என்றால் டைமர் வைத்தது அப்பட்டமாகத் தெரியும். எனக்கு அதில் வெட்கம் இல்லை, கேட்டால் ஆமாம், 11ஆம் தேதியே எழுதிவிட்டேன் என்று சொல்வேன். உங்களுக்குச் சங்கடம் என்றால் ஒரு பத்து நிமிடம் முழித்திருங்கள்.

பிப்ரவரி 29இல் பிறந்தவர்களைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். 29 வராத வருஷத்தில் சிலர் 28 என்பார்கள், சிலர் மார்ச் 1 என்பார்கள். அதை அவர்களிடமே முன்னாடியே பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரி கடைசியில் கேட்டால் எதற்கு என்று புரிந்துவிடும்.