எக்ஸ்ரேயில் தெரிவதற்கு முன்

வணக்கம். நான் எலும்பு மூட்டு மருத்துவன். ஹீமோஃபிலியா உள்ள ஒரு பையனின் முழங்காலைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

வயது 14, எடை 35 கிலோ. ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் 8 அவனுக்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. அதாவது தீவிர ஹீமோஃபிலியா ஏ. அப்பாவோடு வந்தான். வலது காலை முழுசாக நீட்ட முடியவில்லை, தொடை மெலிந்து முழங்கால் மட்டும் உருண்டு பெரிதாக இருந்தது. "விழவே இல்லை சார், அதுவா வீங்குது" என்றார் அப்பா. உண்மைதான். இந்த அளவு நோயில் மூட்டுக்குள் ரத்தம் கசிய அடிபட வேண்டியதில்லை. வீக்கம் வருவதற்கு முன்பே உள்ளே ஒரு குறுகுறுப்பு தெரியும் என்று பையன் சொன்னான். ஃபேக்டர் போட வேண்டிய நேரம் அதுதான். ஆனால் அவன் வீட்டில் வீங்கும்வரை பார்த்துவிட்டு, இரண்டு தடவை எண்ணெய் போட்டு உருவியும் விட்டிருக்கிறார்கள். நிற்கப் போகும் ரத்தத்தை மறுபடி கிளறிவிடும் வேலை அது.

மூட்டுக்குள் கசிந்த ரத்தத்தைச் சுத்தம் செய்வது மூட்டின் உள்ளுறையான சவ்வு. ரத்தத்தில் உள்ள இரும்பு அந்தச் சவ்வில் தங்கிவிடுகிறது. சவ்வு அழற்சியில் தடித்து, அதில் புதுப்புது ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. அவை மெல்லியவை, நடந்தாலே உடைபவை. ஆக, ஒரு கசிவு அடுத்த கசிவுக்கு வழி செய்துவிடுகிறது. ஆறு மாதத்துக்குள் ஒரே மூட்டில் மூன்று முறையோ அதற்கு மேலோ தானாகக் கசிந்தால் அதை 'டார்கெட் ஜாயிண்ட்' என்கிறோம். இவனுடைய வலது முழங்காலில் ஐந்து முறை. சவ்வு இப்படி அவதிப்படும்போதே இன்னொரு பக்கம் குருத்தெலும்பும் கெடுகிறது. சவ்வாவது ஓரளவு ஆறும். குருத்தெலும்பு திரும்ப வளராது.

சரி, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்தோம். இதைப் படிக்க இரண்டு அளவுகோல்கள் உண்டு. 1977-இல் வந்த ஆர்னால்ட்–ஹில்கார்ட்னர் முறை மூட்டைப் படிகளாகப் பிரிக்கிறது. முதல் படியில் சதை வீக்கம் மட்டும். இரண்டில் எலும்பு நுனி வெளிறி, பெருத்திருக்கும். மூன்றில் குருத்தெலும்புக்கு அடியில் குட்டிக் குழிகள் விழும், ஆனால் மூட்டு இடைவெளி குறையாது. நான்கில் இடைவெளி குறையும். ஐந்தில் மூட்டு இறுகிப் போய்விடும். 1980-இல் வந்த பெட்டர்சன் முறையோ எட்டு மாற்றங்களைத் தனித்தனியாகப் பார்த்து, ஒரு மூட்டுக்கு 13 வரை மதிப்பெண் போடுகிறது. மதிப்பெண் ஏற ஏற மூட்டு மோசம்.

பையனின் முழங்காலுக்குப் போட்டுப் பார்த்தோம். எலும்பு வெளிறியிருந்தது, ஒன்று. எலும்பு நுனி பெருத்திருந்தது, ஒன்று. அந்த இடத்துக்கு ஓயாமல் ரத்த ஓட்டம் பாய்வதால் வளரும் வயதில் நுனி வேகமாக வளர்ந்துவிடுகிறது. முழங்கால் உருண்டு தெரிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். மூட்டுப் பரப்பு ஒரு பகுதி மட்டும் கரடுமுரடு, ஒன்று. இரண்டு குழிகள், அதற்கு இரண்டு. இடைவெளி குறைந்திருந்தாலும் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இருந்தது, ஒன்று. மொத்தம் ஆறு. பழைய முறைப்படி நான்காம் படி.

அப்புறம் இடது கணுக்கால். அதில் இரண்டு முறைதான் கசிந்திருந்தது. எக்ஸ்ரே சுத்தம், மதிப்பெண் பூஜ்யம். அப்பா முகத்தில் ஒரு நிம்மதி. ஆனால் அல்ட்ராசவுண்டில் அந்த மூட்டின் சவ்வு தடித்திருந்தது. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும். சவ்வோ குருத்தெலும்போ அதில் விழாது. குருத்தெலும்பு தேய்ந்து இடைவெளி குறைந்த பிறகுதான் நமக்குத் தெரியவரும். அன்றைக்கு என் கவலையெல்லாம் ஆறு வாங்கிய முழங்காலைவிட பூஜ்யம் வாங்கிய கணுக்காலைப் பற்றித்தான்.

கசிந்த பிறகு ஃபேக்டர் போடுவது ஒரு வழி, கசியாமல் இருக்க முன்கூட்டியே போட்டுக்கொண்டிருப்பது இன்னொரு வழி. இரண்டாவதைத் தடுப்பு முறை என்கிறோம், ஆங்கிலத்தில் புரோஃபிலாக்சிஸ். இதை 1958-இல் ஸ்வீடனின் மால்மோவில் தொடங்கினார்கள். ஃபேக்டர் ஒரு சதவீதத்துக்கு மேல் இருக்கும் மிதமான நோயாளிகளுக்கு மூட்டு அவ்வளவாகக் கெடுவதில்லை என்று அங்கே கவனித்திருந்தார்கள். அப்படியானால் தீவிர நோயாளியையும் அந்தக் கோட்டுக்கு மேலே வைத்துவிட்டால்? யோசனை அவ்வளவுதான். 2007-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில், இரண்டரை வயதுக்குள் தடுப்பு முறையில் சேர்ந்த சிறுவர்களில் 93 சதவீதம் பேருக்கு ஆறு வயதில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் மூட்டுகள் நன்றாக இருந்தன. கசிந்தபோது மட்டும் ஃபேக்டர் வாங்கியவர்களில் 55 சதவீதம் பேருக்கே அப்படி. கசிந்ததாகவே யாரும் கவனிக்காத சில மூட்டுகளிலும் சேதம் தெரிந்தது என்பது என்னை இன்னும் உறுத்துகிறது.

அந்த ஆய்வில் ஒரு நாள் விட்டு ஒரு நாள், கிலோவுக்கு 25 யூனிட் போட்டார்கள். நம் பையனுக்கு அப்போது கிடைத்தது வாரம் இரண்டு குப்பி, ஒவ்வொன்றிலும் 500 யூனிட். கிலோவுக்கு ஒரு யூனிட் போட்டால் ஃபேக்டர் 8 இரண்டு சதவீதம் ஏறும். அவன் எடைக்கு ஒரு குப்பி 28 சதவீதம் வரை ஏற்றும். சுமார் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகும்: 14, 7, மூன்றரை, ஒன்றே முக்கால், பிறகு ஒன்றுக்கும் கீழே. மொத்தம் 60 மணி நேரம், அதாவது இரண்டரை நாள். சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம் கரைந்துவிடும்.

அவனுக்கு ஊசி திங்கள், வியாழன் காலை ஏழு மணிக்கு. வியாழன் போட்டது சனி மாலை ஏழு மணிக்குக் கரைந்துவிடும். அதனால் ஞாயிறு முழுக்க வெறுங்கையோடு இருந்தான். "வீக்கம் எந்தக் கிழமையில் வருது?" என்று கேட்டேன். பையன் அப்பாவைப் பார்த்தான், அப்புறம் மெல்ல, "ஞாயித்துக்கிழமை ராத்திரி, டாக்டர். கிரிக்கெட் ஆடிட்டு வந்தா..." என்றான்.

அதே இரண்டு குப்பிகளை ஞாயிறு, புதன் காலைக்கு மாற்றினோம். இப்போது காலியாக இருக்கும் நாள் சனிக்கிழமை. அன்றைக்கு ஓட்டம் வேண்டாம் என்று பேசி முடித்தோம். மூன்றாவது குப்பிக்கும் எழுதிக் கேட்டோம். அது கிடைத்தால் ஞாயிறு, செவ்வாய், வியாழன். அப்போது ஒன்றுக்குக் கீழே போகும் இடைவெளி சனி இரவில்தான் வரும், அவன் தூங்கும் நேரம். ஃபேக்டர் போட்டும் கசிவு நிற்கவில்லை என்றால் அளவைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது, மருந்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்புப் பொருள் உண்டாக்கியிருக்கிறதா என்று முதலில் சோதிக்க வேண்டும். அவனுக்குச் சோதித்தோம், இல்லை. தோலுக்கடியில் போடும் எமிசிசுமாப் என்ற புது மருந்தில் இந்த ஏற்ற இறக்கக் கணக்கே கிடையாது. கிடைப்பவர்களுக்கு அது நல்ல வழி.

ஒரு வருஷம் கழித்துப் படம் எடுத்தோம். வலது முழங்கால் அதே ஆறில் நின்றது; அது குறையும் என்று நான் சொல்லியிருக்கவும் இல்லை. கணுக்கால் பூஜ்யம். அல்ட்ராசவுண்டில் அதன் சவ்வு மெலிந்திருந்தது. ஞாயிறு காலை ஊசியை இப்போது அவனே போட்டுக்கொள்கிறானாம். ஓட வேண்டாம் என்று விக்கெட் கீப்பராக நிற்க வைத்திருக்கிறார்களாம். உட்கார்ந்து எழும் வேலை முழங்காலுக்கு அதைவிட மோசம் என்று அடுத்த முறை வரும்போது சொல்ல வேண்டும்.