முத்தோரை மலைச்சரிவில் 1056 தீக்குச்சிகள்

எல்லோருக்கும் வணக்கம். மேசையில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. பற்றவைக்க அல்ல, அடுக்குவதற்கு. ஊட்டிக்குப் பக்கத்தில் முத்தோரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளத்தை அசைக்காமலேயே வடக்கிலும் தெற்கிலும் எப்படிப் பார்க்கிறது என்பதை இந்தக் குச்சிகளை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் ஆறு குச்சிகள். ஒவ்வொரு குச்சியும் ஓர் ஆன்டெனா வாங்கிய அலை. நீளம் அலையின் வலிமை, திசை அதன் கட்டம், அதாவது அலை தன் ஏற்ற இறக்கச் சுழற்சியில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. ஆறு ஆன்டெனாக்களும் சம இடைவெளியில் ஒரே வரிசையில் நிற்கின்றன. நேர் எதிரிலிருந்து அலை வந்தால் ஆறுக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேரும். கட்ட வேறுபாடு இல்லை. குச்சிகளை ஒன்றின் நுனியில் அடுத்தது என்று நேராக வையுங்கள். தொடக்கத்திலிருந்து முடிவுக்கு ஆறு குச்சி நீளம். திறன் அதன் வர்க்கம், 36. இதுதான் முதன்மைப் பெருமம்.

இப்போது அலை கொஞ்சம் சாய்வாக வருகிறது. ஒவ்வோர் ஆன்டெனாவுக்கும் முந்தியதைவிடக் கொஞ்சம் தாமதமாகச் சேர்கிறது. அதனால் ஒவ்வொரு குச்சியும் முந்திய குச்சியிலிருந்து ஒரே அளவு திரும்பும். 60 பாகை திருப்பினால் என்ன ஆகும்? அறுகோணம். கடைசி நுனி தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது, மொத்தம் பூஜ்யம். ஆறு ஆன்டெனாக்களும் அலையை வாங்கியும் கூட்டுத்தொகையில் ஒன்றுமே இல்லை. 120 பாகை திருப்பினால் ஒரே முக்கோணத்தை இரண்டு தடவை சுற்றி மறுபடி பூஜ்யம்.

இரண்டுக்கும் நடுவே 90 பாகையைப் பாருங்கள். நான்கு குச்சிகள் ஒரு சதுரத்தை மூடிவிட்டன. மீதி இரண்டு செங்கோணத்தில் தொங்குகின்றன. தொடக்கத்திலிருந்து முடிவுக்கு √2 குச்சி, திறன் 2. முப்பத்தாறில் இரண்டு, அதாவது 18ல் ஒரு பங்கு. சைடு லோப் என்பது இதுதான். எல்லாம் ஒன்றையொன்று அழித்துவிட்டு, அழிக்கத் துணை கிடைக்காமல் மிஞ்சிய இரண்டு குச்சிகள். 360 பாகைக்குப் போனால் குச்சிகள் மறுபடி நேராகும். அது அடுத்த முதன்மைப் பெருமம். அதுவரைக்கும் நடுவில் ஐந்து பூஜ்யங்கள், அவற்றுக்கிடையே நான்கு சிறு மேடுகள். N மூலங்கள் என்றால் N−1 பூஜ்யம், N−2 மேடு.

சரி, குச்சிகளைக் கூட்டினால் இந்த மேடுகள் தொலைந்துவிடுமா? பலரும் அப்படித்தான் எதிர்பார்க்கிறார்கள். ஆயிரம் குச்சிகள் இருந்தால் சங்கிலி வளைந்து வட்டமாகிவிடும். ஒரு சுற்று முடிந்தால் பூஜ்யம். ஒன்றரைச் சுற்று சுற்றினால் மிஞ்சுவது அந்த வட்டத்தின் விட்டம். மொத்த நீளம் ஒன்றரைச் சுற்றளவு என்பதால், விட்டம் மொத்த நீளத்தை 1.5π ஆல் வகுத்தது, அதாவது 0.21 பங்கு. வர்க்கித்தால் 22ல் ஒரு பங்கு. உண்மையான உச்சம் இதற்குச் சற்று முன்னாலேயே வருவதால் 21ல் ஒரு பங்கு. லட்சம் ஆன்டெனா வைத்தாலும் முதல் சைடு லோப் இதற்குக் கீழே இறங்காது. எண்ணிக்கை கூடினால் கற்றை, அதாவது முதன்மைப் பெருமம் பார்க்கும் வானத்தின் பகுதி, மெலியும், மேடுகள் நெருங்கி வரும், ஆனால் முதல் மேட்டின் விகிதம் அப்படியே நிற்கும்.

இனி முத்தோரைக்குப் போவோம். கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் கட்டி, 1970ல் இயங்கத் தொடங்கிய கருவி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம் உள்ள பரவளையத் தொட்டி. அதன் பரப்பு தகடு இல்லை. நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். இடத்தேர்வு எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வடக்கு தெற்காகச் சுமார் 11 பாகை சரியும் மலையைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே. ஆக, தொட்டியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிட்டது. கிழக்கிலிருந்து மேற்கே ஒரு விண்பொருளைத் தொடர, தொட்டியை அந்த ஓர் அச்சில் மெல்ல உருட்டினால் போதும்.

வடக்கு தெற்கு என்ன செய்வது? அரைக் கிலோமீட்டர் தொட்டியைச் சாய்க்க முடியாது. அங்கேதான் நம் குச்சிகள் வருகின்றன. தொட்டியின் குவியக் கோட்டில் டைபோல்கள் எனும் சிறு ஆன்டெனாக்கள் 1056, 0.48 மீட்டருக்கு ஒன்று. வேலை செய்யும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் 0.918 மீட்டர். சங்கிலி முதல் தடவை மூட, பக்கத்துப் பக்கத்து டைபோல்களுக்கிடையே பாதை வேறுபாடு அலைநீளத்தில் 1056ல் ஒரு பங்கு இருந்தால் போதும். அதாவது 0.87 மில்லிமீட்டர். அதை 480 மில்லிமீட்டரால் வகுத்தால் கிடைக்கும் கோணம் 6.2 கலை. கலை என்பது பஞ்சாங்கக்காரர்கள் சொல்லும் அதே கலைதான், பாகையில் அறுபதில் ஒரு பங்கு. முழுநிலவின் அகலம் 30 கலை. பாதித் திறன் அளவில் கற்றையின் அகலம் 5.5 கலை. நிலவில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

அந்த 21ல் ஒரு பங்கு இங்கே எப்படிக் கடிக்கும்? முதல் சைடு லோப் நடுவிலிருந்து ஏறத்தாழ 9 கலை தள்ளி விழுகிறது. நாம் பார்க்கும் மங்கலான மூலத்துக்குத் தெற்கே சரியாக அந்த இடத்தில் நூறு மடங்கு பிரகாசமான ஒன்று இருந்தால், அதிலிருந்து நமக்கு வருவது நம் மூலத்தைப்போல் ஐந்து மடங்கு கிட்டத்தட்ட. இதற்கு மருந்து, ஓரத்துக் குச்சிகளைக் குட்டையாக்குவது. நடுவில் முழு எடை, இரு முனைகளுக்கும் போகப்போகக் குறைந்து பூஜ்யமாகும் முக்கோண எடை கொடுத்தால் முதல் மேடு சுமார் 450ல் ஒரு பங்காக இறங்கும். விலை? கற்றை 1.44 மடங்கு அகலமாகிவிடும். எந்தப் பக்கம் விட்டுக்கொடுப்பது என்பது அன்றைய வேலையைப் பொறுத்தது.

இப்போது திருப்புவது. வடக்கே 30 பாகையிலிருந்து வரும் அலையில் அடுத்தடுத்த டைபோல்களுக்கிடையே பாதை வேறுபாடு 0.24 மீட்டர், கட்டத்தில் 94 பாகை. குச்சிகள் சுருண்டுவிடும். ஆனால் ஒவ்வொரு டைபோலுக்குப் பின்னாலும் ஒரு கட்டமாற்றி வைத்து, இரண்டாவதை 94 பாகை, மூன்றாவதை 188, நான்காவதை 282 என்று எதிர்த் திசையில் திருப்பிவிட்டால்? சங்கிலி நேராகிவிடும், 30 பாகையிலிருந்து வரும் அலைக்கு மட்டும். நேர் எதிரிலிருந்து வருவது இப்போது சுருளும். உலோகம் எதுவும் அசையவில்லை, கற்றை திரும்பிவிட்டது. கட்டமாற்றிகளுக்கு 16 படிகள்தான், படிக்கு 22.5 பாகை. அதனால் 94 கேட்டால் 90தான் கிடைக்கும், 282 கேட்டால் 292.5. இந்தப் பிழைகள் முன்னும் பின்னுமாகச் சிதறுவதால் நஷ்டம் ஒன்றிரண்டு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது.

திருப்பும்போது அடுத்த முதன்மைப் பெருமமும் கூடவே நகரும் என்பதை மறக்கக் கூடாது. டைபோல் இடைவெளி அலைநீளத்தில் 0.52 பங்கு. கற்றையை நேராக வைத்தால் அடுத்த பெருமத்துக்கு சைன் மதிப்பு 1.9 வேண்டும். அப்படி ஒரு கோணமே கிடையாது, பிழைத்தோம். வடக்கே 65 பாகைக்கு மேல் திருப்பினால்தான் தெற்குத் தொடுவானத்தில் அது தலைகாட்டும். ஒரு மீட்டர் இடைவெளியில் டைபோல்களை வைத்துச் சிக்கனம் பண்ணியிருந்தால், நேராகப் பார்க்கும்போதே இரண்டு பக்கமும் இந்தக் கூடுதல் பெருமங்கள் ஆவிகள் போல நின்றிருக்கும்.

அப்புறம், இதில் ஒரு சிக்கல். கட்டமாற்றி கொடுக்கும் கோணம் எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒன்றே. அலையின் பாதை வேறுபாடு உண்டாக்கும் கட்ட வேறுபாடு அப்படி இல்லை, அது அதிர்வெண்ணோடு மாறும். 4 மெகாஹெர்ட்ஸ் அகலப் பட்டையில் 30 பாகை திருப்பினால், பட்டையின் ஓரத்தில் கற்றை 12 கலை விலகி நிற்கும். கற்றையே 5.5 கலைதான்! அதனால் 1056 டைபோல்களையும் 22 தொகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள், தொகுதிக்கு 48. தொகுதிக்குள் கட்டமாற்றி, தொகுதிகளுக்கிடையே உண்மையான காலத்தாமதம். 23 மீட்டர் நீளத் தொகுதியின் கற்றை இரண்டு பாகை அகலம் என்பதால் 12 கலை விலகல் அதற்கு ஒரு பொருட்டில்லை.

ஆனால் இப்போது நம்மிடம் இருப்பது 23 மீட்டர் இடைவெளியில் 22 மூலங்கள். இடைவெளி 25 அலைநீளம். முதன்மைப் பெருமங்கள் 137 கலைக்கு ஒன்று வந்து நிற்க வேண்டும். ஏன் தெரிவதில்லை? தொகுதியின் சொந்தக் கற்றைக்கு முதல் பூஜ்யமும் அதே 137 கலையில்தான் விழுகிறது, ஏனென்றால் தொகுதியின் நீளமும் தொகுதிகளின் இடைவெளியும் ஒன்றே. ஆவி வரும் ஒவ்வொரு வாசலிலும் ஒரு பூஜ்யம் காவல் நிற்கிறது.

காவலை நகர்த்தாமல் கற்றையை மட்டும் நகர்த்தினால் குட்டு வெளிப்படும். முத்தோரையில் ஒரே நேரத்தில் 3 கலை இடைவெளியில் 12 கற்றைகள் உருவாக்குவது வழக்கம். தொகுதிகள் நடுவையே பார்த்துக்கொண்டிருக்க, தொகுதிகளுக்கிடையே மட்டும் கட்டத்தை மாற்றி ஓரக் கற்றையை 16.5 கலைக்குத் தள்ளுகிறோம் என்று வையுங்கள். தொகுதியின் கற்றை அங்கே சற்றுச் சரிந்திருப்பதால் நம் மூலம் 5 சதவீதம் மங்கும். மறுபக்கம் இரண்டு பாகை தள்ளி, பூஜ்யத்திலிருந்து 16.5 கலை விலகிய இடத்தில், கிரேட்டிங் லோப் எனப்படும் அந்த ஆவிப் பெருமம் ஒன்று எழும். அளவு, கற்றையில் ஐம்பதில் ஒரு பங்கு. சைடு லோப்பைவிடச் சின்னதுதான், ஆனால் இரண்டு பாகை தள்ளி யாரும் தேடமாட்டார்கள் என்பதால் ஏமாற்றிவிடும்.

பதிவில் தெரியும் மேடு நிஜ மூலமா, ஆவியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கற்றையை நகர்த்திப் பார்த்துப் பயனில்லை, ஆவியும் கூடவே நகரும். தொகுதிக்குள் இருக்கும் 48 கட்டமாற்றிகளையும் மாற்றி, தொகுதியின் கற்றையை அந்த 16.5 கலைக்கே கொண்டுபோக வேண்டும். பூஜ்யங்களும் அதே அளவு நகர்ந்து வாசலில் போய் நிற்கும். மேடு 5 சதவீதம் உயர்ந்தால் அது நிஜம். காணாமல் போனால், இரண்டு பாகை தள்ளி அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று வரைபடத்தைத் திறக்க வேண்டும்.