கவுண்டருக்கு அந்தப் பக்கம் கோபமாக ஒருவர்

வணக்கம் நேயர்களே. வங்கிக் கவுண்டரில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான், இப்போது புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். "வாடிக்கையாளர் கத்தினால் என்ன சார் செய்வது?" என்று எல்லா வகுப்பிலும் யாராவது கேட்டுவிடுவார்கள். பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டுப் போனால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது. அதனால் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்: ஏடிஎம்மில் பணம் வரவில்லை, ஆனால் கணக்கில் கழிந்துவிட்டது.

4ஆம் தேதி சாயங்காலம் ஒரு அம்மா 10,000 ரூபாய் எடுக்கப் போகிறார். மெஷின் சத்தம் போடுகிறது, பணம் வரவில்லை, போனுக்கு மட்டும் பணம் எடுத்ததாக மெசேஜ் வந்துவிட்டது. மகளுக்குக் கட்ட வேண்டிய காலேஜ் ஃபீஸ் அது. ராத்திரி முழுக்கத் தூங்காமல், காலையில் நாம் கதவைத் திறக்கும்போதே வாசலில் நிற்கிறார். வந்ததும் "என் காசை யார் தின்னது?" என்றுதான் கேட்பார், வேறு எப்படிக் கேட்பார்?

இங்கே நம் ஆட்கள் வாயில் உடனே வருவது இரண்டு. ஒன்று, "கத்தாதீங்கம்மா". இன்னொன்று, "சர்வர் பிராப்ளம், தானா வந்துரும்". முதலாவதைக் கேட்டால் அவருக்குப் பணத்தோடு மானமும் போன மாதிரி ஆகிவிடும், வரிசையில் நிற்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களே. இரண்டாவது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் எப்போது வரும் என்று அதில் இல்லை. அது தெரியாதவரைக்கும் அவர் குரல் இறங்காது.

அதற்குப் பதிலாக, ஒரு நாற்காலியைக் காட்டுங்கள், ஒரு பேப்பரை எடுங்கள். "சொல்லுங்கம்மா, எழுதிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, நடுவில் பேசாமல் எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடம்தான். நம் கை எழுதுவதைப் பார்த்தால் பேசுகிறவர் தானாகவே கொஞ்சம் நிதானிப்பார், நமக்கும் பதிலுக்குக் குரலை உயர்த்தத் தோன்றாது. முடித்ததும் எழுதியதைத் திருப்பிச் சொல்லுங்கள்: "நேத்து சாயங்காலம், பஸ் ஸ்டாண்ட் ஏடிஎம், 10,000 ரூபாய், பணம் வரல, மெசேஜ் மட்டும் வந்துச்சு, சரியாம்மா?" அவர் "ஆமா" என்று சொல்லும் இடத்தில்தான் வேலை ஆரம்பிக்கிறது. அதுவரை எந்தத் தீர்வைச் சொன்னாலும் அவர் காதில் ஏறாது.

அப்புறம் ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள். எந்த வங்கியின் மெஷின்? வேறு வங்கி மெஷினாக இருந்தாலும் கார்டு கொடுத்தது நாம்தான் என்றால் புகாரை நாம்தான் வாங்க வேண்டும், "அங்கே போய்க் கேளுங்க" என்று அலையவிடக் கூடாது. சீட்டு இருக்கிறதா? இல்லையென்றாலும் கணக்கு விவரத்தில் அந்தப் பரிவர்த்தனையின் எண் இருக்கும், பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இனி தேதி. ரிசர்வ் வங்கி 2019ஆம் ஆண்டு போட்ட விதிப்படி, இப்படிப் போன பணத்தை, எடுத்த நாளிலிருந்து 5 நாளுக்குள் கணக்கில் திருப்பிப் போட வேண்டும், லீவு நாளும் இதில் சேரும். தாண்டினால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி கொடுக்க வேண்டும், அவர் கேட்காமலே. ஆக, "அம்மா, 9ஆம் தேதிக்குள் வந்துடணும், வரலைன்னா அதுக்கு மேல நாளுக்கு 100 ரூபாய் சேர்த்து வரும்" என்று சொல்லி, புகார் எண், அந்தத் தேதி, உங்கள் பெயர் மூன்றையும் எழுதிக் கையில் கொடுங்கள். இந்த விதி தெரிந்தவர் பதறுவதில்லை, இதை வகுப்பிலேயே பார்க்கிறேன். கத்துகிறவரைப் பார்த்து நடுங்குகிற பிள்ளைகள் பெரும்பாலும் அடுத்து என்ன சொல்வதென்று தெரியாதவர்கள்தான்.

ஆனால் "கண்டிப்பா வந்துரும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். மெஷினின் பதிவு பணம் வெளியே வந்ததாகக் காட்டினால் புகார் தள்ளுபடியாகலாம். அப்படி ஆனாலும் அவர் அந்தப் பதிவையும் கேமரா காட்சியையும் சரிபார்க்கச் சொல்லித் திரும்ப எழுதிக் கேட்கலாம், 30 நாளாகியும் பதில் இல்லை அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் போகலாம். இதை நாமே சொல்ல வேண்டும், மறைத்து வைப்பது தப்பு.

ஒருவேளை கெட்ட வார்த்தை வந்தால்? "ஐயா, உங்க பணத்துக்கான வேலையை நான் பார்க்கிறேன், இந்த வார்த்தை மட்டும் வேண்டாம்" என்று ஒருமுறை, குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். அதற்கு மேலும் தொடர்ந்தால் மேனேஜரைக் கூப்பிடுங்கள், தனியாக மல்லுக்கட்ட வேண்டாம். கூப்பிடும்போது நடந்ததை நீங்களே மேனேஜரிடம் சொல்லிவிடுங்கள், அவரை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வைத்தால் இறங்கின கோபம் திரும்ப ஏறும்.

கடைசியாக ஒரு வேலை பாக்கி இருக்கிறது, அதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். 8ஆம் தேதி அந்தக் கணக்கைத் திறந்து பாருங்கள். பணம் வந்திருந்தாலும் வராவிட்டாலும், அந்த அம்மா கிளம்பி வருவதற்கு முன்னால் நீங்களே போன் பண்ணிச் சொல்லிவிடுங்கள்.