ஒரு லிட்டர் என்ன விலை?

வணக்கம், நேயர்களே. வீட்டு ஆர்.ஓ. மிஷின் வாங்கின விலை எல்லாருக்கும் நினைவிருக்கும். அதில் இறங்குகிற தண்ணீர் லிட்டர் என்ன விலை என்றால் பதில் வராது. இன்று கணக்குப் போடுவோம். பென்சில் வேண்டாம், காது போதும்.

தண்டையார்பேட்டையில் நாலு பேர் உள்ள வீடு. போர் தண்ணீர், உப்பு; கரைந்திருக்கும் உப்பின் அளவைச் சொல்லும் டி.டி.எஸ். 1,200. மிஷின் 14,000 ரூபாய். ஏழு வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 2,000. வெளியே மாட்டியிருக்கும் வெள்ளை ஸ்பன் ஃபில்டர் மூன்று மாதத்துக்கு ஒன்று, தலா 150: ஆக 600. உள்ளே செடிமென்ட்டும் கார்பனும் வருஷத்துக்கு ஒரு செட், 1,200. உப்பைப் பிரிக்கிற மெம்பரேன் 2,400, இரண்டு வருஷம் வரும். அதில் பாதி 1,200. சர்வீஸ்காரர் மூன்று தடவை, தடவைக்கு 400: இன்னொரு 1,200. கரண்ட் நூறு. மொத்தம் 6,300.

தினம் குடிக்க, சமைக்க 15 லிட்டர் பிடித்தால் லிட்டர் 1 ரூபாய் 15 காசு. நாற்பது ரூபாய் கேன், லிட்டர் இரண்டு ரூபாய். மிஷின்தான் மலிவு. ஆனால் அதே வீட்டில் ஐந்து லிட்டர்தான் பிடிக்கிறார்கள் என்றால்? செலவு பெரிதாகக் குறையாது. லிட்டர் மூன்றரை ரூபாயைத் தொடும். மறுபடியும் சொல்கிறேன், விலையைத் தீர்மானிப்பது வகுக்கிற லிட்டர்தான். தினம் ஒன்பது லிட்டருக்குக் கீழே போனால் கேன்தான் மலிவு.

மெம்பரேன் போச்சு என்று சர்வீஸ்காரர் சொன்னால் உடனே பணத்தை நீட்டாதீர்கள். டி.டி.எஸ். மீட்டரை உள்ளே போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் வையுங்கள். 1,200 போய் நூற்றுச்சொச்சம் வந்தால் மெம்பரேன் நன்றாகவே இருக்கிறது. முந்நூறைத் தாண்டினால் சந்தேகப்படலாம். அதற்கு முன் ஒன்று: சுவைக்காக மெம்பரேன் வழியே போகாத தண்ணீரைக் கொஞ்சம் கலக்கிற சின்னத் திருகு சில மிஷின்களில் உண்டு. அதை மூடி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு, டேங்கில் சேர்ந்ததை விட்டு, மெம்பரேனிலிருந்து வரும் குழாயிலேயே அளக்கணும். திருகு திறந்திருந்தால் நல்ல மெம்பரேனும் கெட்டதாகத் தெரியும். டி.டி.எஸ். குறைவாக இருந்து தண்ணீர் மெதுவாக வந்தால், முதலில் அடைத்த ஸ்பன் ஃபில்டரையும் பம்பையும் பாருங்கள்.

காசு மிச்சம் என்று கார்பனைத் தள்ளிப்போடுகிறவர்களும் உண்டு. மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். கார்பன் தீர்ந்தால் குளோரின் நேராக மெம்பரேனை அரிக்கும். கார்பன் தீர்ந்ததை டி.டி.எஸ். மீட்டர் காட்டாது, காலக் கணக்கு வைத்துத்தான் மாற்றணும்.

மணி ஆகிவிட்டது, கழிவுத் தண்ணீரை ஒரு வரியில் முடிக்கிறேன். லிட்டருக்கு மூன்று லிட்டர் வெளியே போகும். உப்பு ஏறிய தண்ணீர், செடிக்கு வேண்டாம், கக்கூஸுக்கு ஊற்றுங்கள். வணக்கம்.