காலை ஆறு மணிக்கு வரும் விருந்தினர்

வணக்கம், நேயர்களே. தங்கும் விடுதியின் வரவேற்பு மேசைக்குப் பின்னால் பல ஆண்டுகள் நின்றவன் நான். அந்த மேசைக்கு வருகிறவர்களில் யாரை வரவேற்பது கடினம் என்று கேட்டால், கோபக்காரரையோ பேரம் பேசுகிறவரையோ சொல்ல மாட்டேன். இரவு முழுவதும் பயணம் செய்துவிட்டுக் காலை ஆறு மணிக்குப் பெட்டியோடு வந்து நிற்கிறவரைத்தான் சொல்வேன். அவருக்கு உடனே படுக்க வேண்டும். பெரும்பாலான விடுதிகளில் அறை தரும் நேரமோ பிற்பகல் 2 அல்லது 3 மணி. அவருக்கென்று ஒதுக்கிய அறையில் முந்தைய விருந்தினர் இன்னும் உறங்கிக்கொண்டிருக்கக் கூடும். அந்த நேரத்தில் வரவேற்பாளர் சொல்லும் முதல் சில வாக்கியங்களைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்கிவிடலாம். ஒருநாள் விடியற்காலையில் வந்த விருந்தினர் ஒருவர் தம் பெயரைச் சொல்லி, அறை பதிவு செய்திருப்பதாகச் சொன்னார். நான் திரையைப் பார்த்தேன், பதிவு இருந்தது. உடனே, "செக்-இன் இரண்டு மணிக்குத்தான் சார்" என்றேன். அதில் பொய் ஏதுமில்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஆனால் அவர் ஒன்றும் பேசாமல் போய்த் தம் பெட்டியின் மீதே உட்கார்ந்துகொண்டார். பிறகு தங்கிய மூன்று நாளும் தலையணை, வெந்நீர், மின்தூக்கியின் ஓசை என்று அவர் குறை சொல்லாத பொருளே இல்லை. அவர் நேரத்தைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. தம் பதிவு இருக்கிறதா என்பதைத்தான் அவர் கேட்டிருந்தார்; அதற்கு நான் பதிலே சொல்லவில்லை.

களைத்து வருகிறவரின் மனத்தில் அந்த நொடியில் இருப்பது ஒரே ஓர் அச்சம். பணம் கட்டியாயிற்று, கைப்பேசியில் உறுதிச் செய்தியும் வந்திருக்கிறது. இருந்தாலும் இந்த மேசையில் தம் பெயர் இல்லாமல் போய்விட்டால் என்ன செய்வது என்ற அச்சம் அது. அது தீரும்வரை வேறு எந்தச் செய்தியும் அவர் காதில் ஏறாது. ஆகவே முதல் வாக்கியம், "வாருங்கள் சார், உங்கள் பதிவு எங்களிடம் இருக்கிறது, மூன்று இரவுகள்" என்பதாக இருக்க வேண்டும். இரவுகளின் எண்ணிக்கையைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: பதிவைத் திரையில் பார்த்துவிட்டுத்தான் பேசுகிறோம் என்பது அதனால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது.

அடுத்த வாக்கியம் கேள்வியாக இருக்கக் கூடாது. "பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்கும்படி பல விடுதிகளில் பயிற்சி தருகிறார்கள். நன்றாகத் தூங்கி எழுந்தவரிடம் கேட்பதற்கு அது நல்ல கேள்விதான். கண் எரிய நிற்கிறவருக்கோ, பதில் தேட வேண்டிய இன்னொரு வேலையாகிவிடுகிறது. "இரவெல்லாம் பயணம் போலிருக்கிறது, அங்கே உட்காருங்கள், படிவத்தை நானே எடுத்து வருகிறேன்" என்று சொன்னால் அவர் பதில் பேச வேண்டியதில்லை, உட்கார்ந்தால் போதும். அடையாளச் சான்றைத் திருப்பித் தரும்போது பெயரை ஒருமுறை சொல்லலாம். வாக்கியத்துக்கு வாக்கியம் பெயர் சொல்லி அழைப்பது விற்பனைக்காரர் பேச்சுப் போலாகிவிடும்.

இனி, அறை தயாராக இல்லை என்ற செய்தியைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்வதற்கு முன் வரவேற்பாளர் அரை நிமிடம் திரையைப் படிக்க வேண்டும். எந்த அறையில் ஆள் இருக்கிறார், எது காலியாகித் துப்புரவுக்குக் காத்திருக்கிறது, எது துப்புரவாகிச் சரிபார்க்கப்பட்டும் விட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். நேற்றிரவு விற்காமல் போன அறை ஒன்று அதே வகையில் இருந்து, அதை வேறு யாருக்கும் ஒதுக்காமலும் இருந்தால், விடுதியின் முறைப்படி அதைக் கொடுத்துவிடலாம். பேச்சு அத்தோடு முடிந்தது. அப்படி ஒன்றும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். மணி 6.20. விடியற்காலை விமானத்துக்குப் புறப்பட்ட ஒருவரின் அறை மட்டும் காலியாக இருக்கிறது, துப்புரவாகவில்லை. துப்புரவுப் பணியாளர்கள் 7 மணிக்கு வருகிறார்கள். ஆள் புறப்பட்டுப் போன அறையை முழுமையாகச் சுத்தம் செய்ய ஏறத்தாழ 40 நிமிடம் ஆகும் என்று கொண்டு, மேற்பார்வையாளர் சரிபார்க்கும் நேரத்தையும் சேர்த்தால் 7.50 ஆகிறது. விருந்தினரிடம் சொல்ல வேண்டிய நேரம் 8.30. "எட்டரை மணிக்குள் அறையைத் தருகிறேன். தயாரானதும் நானோ என் சக ஊழியரோ உங்களிடம் வந்து சொல்வோம், நீங்கள் எழுந்து வர வேண்டாம்." எட்டு மணிக்கே அறை கிடைத்தால் அவருக்கு அது அரை மணி லாபம். 7.45 என்று சொல்லியிருந்தால் அதே எட்டு மணி தாமதமாகிவிடும்.

"கொஞ்ச நேரம் ஆகும்" என்ற சொற்றொடரை அந்த மேசையிலிருந்தே விலக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. வரவேற்பாளருக்குக் கொஞ்ச நேரம் என்பது ஒன்றரை மணி, களைத்தவருக்கோ பத்து நிமிடம். ஓர் அறைகூடக் காலியாகாத நாளும் உண்டு. அன்று அறைக்கு நேரம் குறித்துச் சொல்வது ஏமாற்று வேலை. அப்போது, "ஒன்பது மணிக்கு நிலவரம் என்னவென்று வந்து சொல்கிறோம்" என்று செய்திக்கு மட்டும் நேரம் சொல்லலாம். சொன்ன நேரத்தில், சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், போய்ச் சொல்ல வேண்டும்.

காத்திருக்கும் நேரத்திலேயே படிவம், அடையாளச் சான்றின் நகல், முன்பணம் எல்லாவற்றையும் முடித்துவிடுவது நல்லது. பெட்டியை வாங்கிச் சீட்டுக் கட்டிவிட்டு, முகம் கழுவும் இடத்தைக் காட்டலாம். பிறகு மிச்சம் இருப்பது சாவியைக் கொடுப்பது மட்டுமே.

இத்தனை கவனமாகச் செய்ததெல்லாம் பெரும்பாலும் கெட்டுப்போவது 7 மணிக்குத்தான். பல விடுதிகளில் இரவு ஷிப்ட் முடிந்து காலை ஷிப்ட் தொடங்கும் நேரம் அது. வாக்குக் கொடுத்தவர் வீட்டுக்குப் போய்விடுவார், புதிதாக வந்தவர் லாபியில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, "சொல்லுங்கள் சார், செக்-இன் செய்ய வேண்டுமா?" என்பார். ஒரு மணி நேரத்துக்கு முன் அடங்கிய அச்சம் அந்த ஒரு கேள்வியில் திரும்ப வந்துவிடும். ஷிப்ட் ஏட்டில் "அறை விரைவு" என்று எழுதினால் போதாது. சொன்ன நேரம், எந்த அறை, அவர் எந்த நாற்காலியில், எந்த நிறச் சட்டையில் உட்கார்ந்திருக்கிறார் என்பது வரை எழுத வேண்டும். முடிந்தால் இரவுப் பணியாளரே புதியவரை அழைத்துப்போய், "இவர் பொறுப்பில் இருக்கிறீர்கள், எட்டரை மணியில் மாற்றமில்லை" என்று சொல்லிவிட்டுப் போகலாம். சட்டை நிறம் எழுதுவதைப் பார்த்து என்னைக் கேலி செய்த நண்பர்கள் உண்டு.

அறை தயாரானதும் சாவி அட்டையின் உறையில் அறை எண்ணை எழுதி விரலால் காட்ட வேண்டும். சுற்றி ஆட்கள் இருக்கும்போது எண்ணை வாயால் சொல்வது பாதுகாப்பல்ல. அப்போது சொல்ல வேண்டியது மின்தூக்கி எந்தப் பக்கம் என்பது ஒன்றுதான். இணையக் கடவுச்சொல் உறையிலேயே இருக்கட்டும். நீச்சல் குளத்தின் நேரமும் மற்றவையும் அவர் தூங்கி எழுந்த பிறகு போதும். அறைக்குப் போன பதினைந்து நிமிடத்தில் தொலைபேசியில் அழைத்து, எல்லாம் சரியா என்று கேட்கும் வழக்கமும் சில விடுதிகளில் உண்டு. இந்த விருந்தினருக்கு மட்டும் அந்த அழைப்பை நிறுத்திவைக்க வேண்டும். அவராக அழைக்கும்வரை யாரும் கதவைத் தட்ட வேண்டாம் என்று துப்புரவுப் பிரிவுக்கும் சொல்லிவிட வேண்டும். நன்றி, வணக்கம்.