இசை எப்போது மேலே வரலாம்?

வணக்கம். பேச்சோடு இசை சேர்த்து எடிட் செய்கிறவர்கள் தினமும் செய்கிற ஒரு வேலையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பேச்சு வரும் இடத்தில் இசையைத் தாழ்த்தி, பேச்சு முடிந்ததும் மறுபடி ஏற்றுகிறோமே, அந்த வேலை. இதை டக்கிங் என்போம்.

எவ்வளவு தாழ்த்தலாம் என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பேச்சின் சராசரி அளவு மீட்டரில் மைனஸ் 18 டெசிபல் என்றால், கீழே ஓடும் இசை மைனஸ் 36க்கும் 38க்கும் நடுவில் இருக்கட்டும். அதாவது இரண்டுக்கும் 18 முதல் 20 டெசிபல் இடைவெளி. இணையத்தில் வரும் ஒலி எல்லோருக்கும் புரிய வேண்டும் என்று வகுத்த WCAG வழிகாட்டுதலும், அதன் மிகக் கடுமையான நிலையில், பின்னணி ஒலி பேச்சைவிட 20 டெசிபலாவது தாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. கேட்பதற்கு இசை இருக்கிறதா இல்லையா என்பது போல உங்களுக்குத் தோன்றும். இருக்கட்டும். செவித்திறன் குறைந்தவருக்கும், ஓடும் பேருந்தில் கேட்பவருக்கும் அந்த இடைவெளி தேவை.

இந்த அளவைச் சரியாக வைத்த பிறகும் பல தமிழ் உரைகளில் சொற்கள் தொலைந்து போகின்றன. தொலைகிற இடம் பெரும்பாலும் வாக்கியத்தின் கடைசி. இதைப் பற்றித்தான் எனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

ஒரு வாக்கியம் சொல்கிறேன்: “அணையின் கதவுகள் அன்று இரவு திறக்கப்படவில்லை.” நீங்களும் ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ‘அணையின்’ என்று தொடங்கும்போது குரல் நிமிர்ந்து நிற்கும். ‘திறக்கப்பட’ வரைக்கும் தாக்குப் பிடிக்கும். ‘வில்லை’ என்கிற இடத்தில் மூச்சு குறைந்து, குரல் இறங்கிவிடும். ஆனால் கதவு திறந்ததா, திறக்கவில்லையா என்று சொல்வது அந்த மூன்று எழுத்துச் சத்தம்தான். நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது. இல்லை, முடியாது, கூடாது எல்லாமே கடைசியில் வருகின்றன. குரல் மிகவும் மெலிகிற இடத்தில் பொருள் முழுவதும் தொங்குகிறது. இசை அரை விநாடி முந்திக்கொண்டு மேலே வந்தால் கேட்பவருக்கு ‘திறக்கப்பட்டன’ என்றே பட்டுவிடலாம்.

இசை ஏன் முந்துகிறது? தானாகத் தாழ்த்தும் கருவிகள் ஒரு வரம்பை வைத்துக்கொண்டு வேலை செய்கின்றன. குரல் அந்த வரம்பைத் தாண்டினால் பேச்சு நடக்கிறது, அதற்குக் கீழே போனால் பேச்சு முடிந்தது என்று அவை எடுத்துக்கொள்ளும். ஆடாசிட்டி மென்பொருளில் ஆட்டோ டக் என்று ஒரு வசதி உண்டு. அதில் இந்த வரம்பு, அதாவது த்ரெஷோல்டு, நாம் தொடாமல் விட்டால் மைனஸ் 30 டெசிபலில் இருக்கும். நாம் சொன்ன வாக்கியத்தில் ‘அணையின்’ மைனஸ் 16இல் இருக்கிறது, ‘வில்லை’ மைனஸ் 34க்கு இறங்கிவிட்டது என்று வையுங்கள். கருவியைப் பொறுத்தவரை வாக்கியம் ‘திறக்கப்பட’ என்பதோடு முடிந்துவிட்டது. உடனே இசையை ஏற்றத் தொடங்கிவிடும்.

இதற்குச் செய்ய வேண்டியது எளிது. உங்கள் குரல் பதிவில் நாலைந்து வாக்கியங்களின் கடைசி அசையை மட்டும் இயக்கி, மீட்டர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அப்புறம் யாரும் பேசாத ஒரு துண்டை எடுத்து, அறையின் இரைச்சல் எவ்வளவு என்று பாருங்கள். அசை மைனஸ் 34, இரைச்சல் மைனஸ் 55 என்றால், வரம்பை மைனஸ் 42 பக்கம் வையுங்கள். ரொம்பக் கீழே கொண்டுபோனால் மூச்சு வாங்கும் சத்தத்தையும் கருவி பேச்சு என்று எண்ணிக்கொண்டு, இடைவெளியில்கூட இசையை ஏற்றாது. இசை மேலே வரவே மாட்டேன் என்கிறது என்றால் முதலில் அந்த வரம்பைச் சந்தேகியுங்கள்.

இனி ஏற்ற இறக்கத்தின் நேரம். நம் வாக்கியத்தையே எடுத்துக்கொள்வோம். இசை தனியாக ஐந்து விநாடி ஓடுகிறது. ஐந்தாவது விநாடியில் ‘அணையின்’ வருகிறது. இசை நான்காவது விநாடியிலேயே இறங்கத் தொடங்கி, சொல் பிறப்பதற்குச் சற்று முன்பே அடியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். சொல்லும் இறக்கமும் சேர்ந்து தொடங்கினால் முதல் அசை இசைக்குள் அமுங்கிவிடும். குரலின் ஒலியைக் கொண்டே இசையைத் தாழ்த்தும் சைட்செயின் கம்ப்ரசர் வைத்துச் செய்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் குரல் வந்த பிறகுதான் அது விழித்துக்கொள்ளும். அதற்கு ஒரு வழி உண்டு. குரல் தடத்தை நகலெடுத்து, அந்த நகலை அரை விநாடி முன்னால் நகர்த்துங்கள். அதன் ஒலி வெளியே போகாமல் தடுத்துவிட்டு, கம்ப்ரசரைத் தூண்டுவதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். ஒன்றை மறக்கக் கூடாது: நகல் முன்னால் போனால் வாக்கியத்தின் முடிவும் அரை விநாடி முன்னால் போகும். ஆகவே இசை திரும்ப ஏறுவதற்கான நேரத்தை, அதாவது ரிலீஸை, அந்த அளவுக்குக் கூட்ட வேண்டும். கருவியில் ஹோல்டு, அதாவது ஏறுவதற்கு முன் காத்திருக்கும் நேரம், இருந்தால் அதைக் கூட்டுவது இன்னும் நல்லது.

‘திறக்கப்படவில்லை’ ஒன்பதாவது விநாடியில் முடிகிறது. முக்கால் விநாடி கழித்து அடுத்த வாக்கியம்: “காரணம் யாருக்கும் தெரியாது.” இந்த முக்கால் விநாடியில் இசையை ஏற்றக் கூடாது. ஏற்றினால் இசை மேலும் கீழும் மூச்சு வாங்குவது போலக் கேட்கும், கவனம் பேச்சைவிட்டு அதன் பக்கம் போய்விடும். இரண்டு விநாடிக்குக் குறைந்த இடைவெளி எதிலும் நான் இசையைத் தொடுவதில்லை. ஆட்டோ டக்கில் இதற்கென்றே மேக்சிமம் பாஸ் என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அது ஒரு விநாடியில் இருக்கும், இரண்டரைக்குக் கொண்டுபோங்கள்.

‘தெரியாது’ முடிந்த பிறகு நான்கு விநாடி மௌனம். இங்கே இசைக்கு இடம் உண்டு. குரல் முழுவதும் அடங்கியபின் அரை விநாடிக்குச் சற்றுக் குறைவாகக் காத்திருந்து, ஒன்றேகால் விநாடி எடுத்து மெதுவாக ஏற்றுங்கள். முழு உயரத்துக்கு ஏற்ற வேண்டாம். எட்டு டெசிபல் ஏறினாலே அந்த இடைவெளி நிரம்பிவிடும், அடுத்த வாக்கியத்துக்கு இறங்குவதும் சுலபம். தானியங்கிக் கருவி எல்லா இடைவெளிக்கும் ஒரே உயரம்தான் கொடுக்கும். அதனால் இப்படிப்பட்ட இடங்களில் நான் வால்யூம் கோட்டில் புள்ளிகள் வைத்துக் கையால்தான் செய்வேன். நேரம் பிடிக்கும், ஆனால் கேட்கும்போது வித்தியாசம் தெரியும்.

முடித்ததும் நீங்களே கேட்டுச் சரிபார்த்தால் போதாது. சொற்கள் உங்களுக்கு மனப்பாடம், காதில் விழாததையும் மனம் சேர்த்துக்கொள்ளும். எழுத்துப் பிரதியைப் பார்க்காத ஒருவரிடம் போன் ஸ்பீக்கரில் சத்தம் குறைத்துப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறுகிற இடத்தில் இசையை இன்னும் மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். அப்போதும் தெளியவில்லை என்றால், இசையில் மட்டும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை ஈக்வலைசரில் மூன்று நான்கு டெசிபல் இறக்குங்கள். மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் அங்கேதான் இருக்கிறது. வயலினும் புல்லாங்குழலும் அந்த இடத்தைத்தான் அடைத்துக்கொள்கின்றன.

இவ்வளவுக்கும் அடங்காத ஓர் இசை உண்டு: யாரோ பாடுகிற பாட்டு. அது எவ்வளவு தாழ்ந்தாலும் காது அதன் சொற்களைத் துரத்திக்கொண்டு போகும். பேச்சுக்கு அடியில் பாட்டு வேண்டாம். குரல் இல்லாத பகுதியை வெட்டி எடுத்துப் போடுங்கள். நன்றி, வணக்கம்.