ஐந்து நாளில் ரிபட்டல்: ஒரு பேரேட்டுக் கதை

[காட்சி: காரைக்குடி வீட்டு வளவு. ஆத்தங்குடிக் கல் தரையில் விரித்த நிலையில் ஒரு பழைய பேரேடு. கேமரா ஒரு வரியை நெருங்குகிறது.]

வணக்கம். இந்த வரியைப் பாருங்கள். இது ‘க’ என்ற எழுத்தா, ௧ என்ற எண்ணா? வடிவம் இரண்டுக்கும் ஒன்றுதான். எ-வும் ௭-ம் அப்படியே. பழைய கணக்கு ஏடுகளில் உள்ள தமிழ் எண்களைக் கணினி படிக்க வேண்டும் என்று நானும் என்னோடு வேலை செய்யும் தம்பியும் ஒரு கட்டுரை எழுதி, கான்ஃபரன்ஸ் ஒன்றுக்கு அனுப்பினோம். அதற்கு வந்த ரிவ்யூவையும் நாங்கள் எழுதிய ரிபட்டல் என்ற பதிலையும் வைத்துத்தான் இந்த வீடியோ. எண்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன், கதை அப்படியே இருக்கிறது.

[திரையில்: 6, 5, 3]

மூன்று ரிவ்யூவர்கள் பத்துக்குப் போட்ட ஸ்கோர்கள். பதில் எழுத ஐந்து நாள். இடைவெளியையும் சேர்த்து 5000 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. தம்பிக்கு அந்த 3-ஐப் பார்த்ததும் கோபம். “அக்கா, இவர் அட்டவணை நாலைப் பார்க்கவே இல்லை. பேஸ்லைன் எங்கே என்று கேட்கிறார்!” என்றான். உண்மைதான், பார்க்கவில்லை. ஆனால் நமக்கு வேலை அவரிடம் இல்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஏசிஎல் 2018 என்ற கணினி மொழியியல் கான்ஃபரன்ஸின் ரிவ்யூக்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு இருக்கிறது. ரிபட்டலைப் படித்த பிறகும் பெரும்பாலான ரிவ்யூவர்கள் ஸ்கோரை மாற்றவில்லை. மாற்றியவர்களும் அதிகமாக மற்ற ரிவ்யூவர்களின் ஸ்கோர் பக்கம்தான் நகர்ந்தார்கள். ரிபட்டலுக்குப் பலன் சிறிதுதான், அதுவும் உள்ளே வெளியே என்று ஊசலாடும் கட்டுரைகளுக்கு. ஆகவே 3 போட்டவரை 7-க்கு இழுக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். நடுவில் நிற்கும் 5-ஐயும், மூன்று ரிவ்யூவையும் சேர்த்துப் படித்து முடிவு எழுதும் ஏரியா சேரையும் மனதில் வைத்து எழுதுங்கள். ஏரியா சேர் கையில் ஒரு குவியல் கட்டுரை இருக்கும். அவர் கண் முதல் பத்தியில் நிற்கும், மற்றதில் ஓடும்.

[காட்சி: 5 போட்டவரின் ரிவ்யூ. இரண்டு வாக்கியங்கள் மட்டும் மஞ்சளில்.]

அந்த 5 எழுதியவர் கேட்டது இதுதான், தமிழில் சொல்கிறேன்: “ஒரே பேரேட்டின் பக்கங்கள் ட்ரெயினிங்கிலும் டெஸ்ட்டிலும் இருக்கின்றனவா? பேரேடு வாரியாகப் பிரித்தும் முன்னேற்றம் நிலைத்தால் ஸ்கோரை உயர்த்துவேன்.”

இது எவ்வளவு நல்ல ரிவ்யூ தெரியுமா? குறை என்ன, அதை எப்படிச் சோதிப்பது, விடை எப்படி வந்தால் தன் முடிவு மாறும் என்று மூன்றையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நான் முதன்முதலில் ரிவ்யூ செய்தபோது “இன்னும் நான்கு டேட்டாசெட்டில் சோதித்திருக்கலாம்” என்று எழுதினேன். ஐந்து நாளில் யாரால் முடியும்? முடிந்தாலும் அதனால் என் ஸ்கோர் மாறியிருக்காது. இப்போது ரிவ்யூ செய்யும்போது, தரவை எப்படிப் பிரித்தார்கள் என்ற வாக்கியத்தைத்தான் முதலில் தேடுவேன். ‘80-க்கு 20, ராண்டமாக’ என்று மட்டும் இருந்தால் அங்கேயே ஒரு கோடு.

[காட்சி: ஒரே பேரேட்டின் இரண்டு பக்கங்கள் அருகருகே. இரண்டிலும் ௬ என்ற எண் பெரிதாகத் தெரிகிறது.]

எங்கள் கட்டுரையில் அந்த வாக்கியம் அப்படியேதான் இருந்தது! எங்களிடம் 30 பேரேடுகள். ஒவ்வொன்றும் ஒரே கணக்குப்பிள்ளையின் கை. பாருங்கள், இந்த இரண்டு பக்கத்திலும் ௬-இன் வால் ஒரே மாதிரி வளைகிறது. ஒரு பக்கம் ட்ரெயினிங்கிலும் இன்னொன்று டெஸ்ட்டிலும் போனால், மாடல் எண்ணைப் படித்ததா, அந்தக் கணக்குப்பிள்ளையின் கையெழுத்தை மனப்பாடம் செய்ததா என்று சொல்ல முடியாது. இதைத்தான் லீக்கேஜ் என்கிறோம். ரிவ்யூவர் சொன்னது சரி.

முதல் நாள் எதையும் எழுதவில்லை. இரவே இதை ஓடவிட்டோம்:

```python
from sklearn.model_selection import GroupShuffleSplit
gss = GroupShuffleSplit(n_splits=5, test_size=0.2, random_state=0)
splits = list(gss.split(X, y, groups=ledger_id))
```

`groups` என்ற இடத்தில் பேரேட்டின் அடையாளத்தைக் கொடுத்தால், ஒரு பேரேடு முழுதாக ஒரு பக்கம்தான் போகும். ஒவ்வொரு தடவையும் ஆறு பேரேடுகள் டெஸ்ட்டுக்கு, இப்படி ஐந்து தடவை. பேஸ்லைனையும் அதே பிரிப்பில் திரும்ப ஓட்ட வேண்டும். இதை மறந்தால் ஒப்பீடே செல்லாது. இரண்டாம் நாள் பகல் முழுக்க மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. முடிவு வர மூன்றாம் நாள் மாலை ஆகிவிட்டது.

[திரையில்: ராண்டம் பிரிப்பு: எங்களுடையது 96.2, பேஸ்லைன் 93.9. பேரேடு வாரியாக: எங்களுடையது 87.4, பேஸ்லைன் 81.0]

தம்பி முகம் வாடிவிட்டது. “96 போய் 87 ஆகிவிட்டதே அக்கா, இதை எப்படிக் காட்டுவது?” கீழே உள்ள வரியைப் பார்க்கச் சொன்னேன். முன்பு பேஸ்லைனுக்கும் நமக்கும் இடைவெளி 2.3 புள்ளி. இப்போது 6.4. எங்கள் முறை எழுத்தின் சாய்வை நேராக்கிவிட்டுப் படிக்கிறது. பார்த்திராத கை வரும்போதுதான் அதன் உதவி அதிகம் தெரியும். பழக்கமான கையெழுத்தில் பேஸ்லைனே சமாளித்துவிடும்.

ரிபட்டலின் முதல் பத்தி இப்படி அமைந்தது: “ரிவ்யூவர் சொன்னது சரி, எங்கள் பிரிப்பில் ஒரே பேரேட்டின் பக்கங்கள் இரு பக்கமும் இருந்தன. பேரேடு வாரியாகப் பிரித்துத் திரும்ப ஓட்டினோம். எங்கள் துல்லியம் 87.4, பேஸ்லைன் 81.0, ஐந்து பிரிப்பிலும் நாங்களே மேலே. கட்டுரையில் இதையே முதன்மை அட்டவணையாக்குவோம்.” நன்றி, மகிழ்ச்சி என்று ஆறு வரி கும்பிடு எதுவும் இல்லை. எழுத்து வரம்பில் அதற்கு இடமும் இல்லை.

3 போட்டவரின் பேஸ்லைன் கேள்விக்கு இரண்டே வாக்கியம்: “பேஸ்லைன் ஒப்பீடு அட்டவணை 4-இல் உள்ளது. தலைப்பில் அது தெளிவாக இல்லை, திருத்துகிறோம்.” ‘நீங்கள் படிக்கவில்லை’ என்று எழுதினால் மற்ற இரண்டு ரிவ்யூவரும் அவர் பக்கம் சாய்ந்துவிடலாம். புதுமை இல்லை என்ற அவருடைய இன்னொரு குறைக்கு, முந்தைய முறைகளிலிருந்து எது வேறு என்று ஒரு வாக்கியம் எழுதிவிட்டு நகர்ந்தோம்.

அனுப்பும் முன் ஒரு விபத்து தப்பியது. பதிலோடு ஒரு படத்தை இணைக்கப் போனோம். அதில் பேரேட்டின் தலைப்பில் அந்த வீட்டு விலாசம் பளிச்சென்று தெரிந்தது. ரிவ்யூ இரு பக்கமும் பெயர் மறைத்து நடப்பது. யார் வீட்டு ஏடு என்று தெரிந்தால், யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க இந்தப் பக்கத்தில் இரண்டு தெரு நடந்தால் போதும். அந்த வீட்டு ஆச்சி எங்களை நம்பிக் கொடுத்த ஏடு வேறு. படத்தையே எடுத்துவிட்டோம்.

[திரையில்: 11:59 PM AoE]

கடைசி நேரம் இதுதான். பூமியில் எங்காவது அந்தத் தேதி மிச்சம் இருக்கும்வரை அனுப்பலாம் என்று பொருள். நமக்கு அது மறுநாள் மாலை 5:29. தம்பி இரவு பன்னிரண்டு என்று நினைத்துப் பதறிக்கொண்டிருந்தான். தூங்கச் சொல்லிவிட்டு, காலையில் இருவரும் திரும்பப் படித்து, இரண்டு எண்களை அட்டவணையோடு சரிபார்த்து, மதியம் அனுப்பினோம்.

முடிவு வந்தபோது 5 போட்டவர் 6 ஆக்கியிருந்தார். 3 அசையவில்லை. கட்டுரை ஏற்கப்பட்டது. ஏரியா சேர் ஒரே நிபந்தனை வைத்திருந்தார்: ராண்டம் பிரிப்பின் முடிவுகள் பின்னிணைப்புக்குப் போக வேண்டும். 96.2 இப்போது பதினான்காம் பக்கத்தில் இருக்கிறது.